ஆடிட்டருக்கு ஒரு பக்கக் குறிப்பு: ஆல்கோ வர்த்தகத்தின் ஓராண்டுக் கணக்கு

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலம் வந்தால், ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இப்போது புதுமாதிரியான மின்னஞ்சல்கள் வருகின்றன. சுமார் 250 கான்ட்ராக்ட் நோட்டுகள் அடைத்த ஒரு ஜிப் ஃபைல். கூடவே ஒரே ஒரு வரி: “சார், எல்லாம் ஆல்கோல பண்ணினது. பாத்து ரிட்டர்ன் போட்டுடுங்க.”

அனுப்பியவருக்கு அதோடு வேலை முடிந்தது. ஆடிட்டருக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எது இன்ட்ராடே, எது ஆப்ஷன், எது டெலிவரி? கட்டணங்கள் எவ்வளவு? மார்ச் கடைசியில் முடிக்காமல் விட்ட பொசிஷன் ஏதாவது உண்டா? போன வருட நஷ்டம் பாக்கி இருக்கிறதா? இத்தனை கேள்விகளுக்கும் பதில் அந்த ஜிப் ஃபைலுக்குள் எங்கோ கிடக்கிறது. ஒரு பக்கத்தில் ஒழுங்காக ஒரு குறிப்பு எழுதி, இன்னின்ன ஆவணங்களை இணைத்திருக்கிறேன் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால், பல நாள் போன்கால்கள் மிச்சமாகும். வரியிலும் தப்பு வராது.

ஆல்கோ டிரேடிங் என்பது, வாங்குவதற்கும் விற்பதற்குமான விதிகளை ஒரு புரோகிராமாக எழுதி, புரோக்கர் தரும் ஏ.பி.ஐ வழியாகத் தானாகவே ஆர்டர் போடவைப்பது. பெரிய நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்த இந்த வசதி, கடந்த சில ஆண்டுகளில் சம்பளக்காரர்களின் லேப்டாப் வரை வந்துவிட்டது. இதற்கென்று சிறு முதலீட்டாளர்களுக்கான தனி விதிமுறைகளை செபி 2025 பிப்ரவரியில் வெளியிட்டது.

இதில் லாபம் பார்ப்பவர்கள் குறைவு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதி ஆண்டுகளில், பங்குகள் சார்ந்த எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டம் அடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. நஷ்டப்பட்டவர்களில் பலரும், ‘வருமானமே இல்லை, ரிட்டர்னில் எதற்குக் காட்ட வேண்டும்?’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நஷ்டத்தைக் காட்டினால்தான் அது பிறகு வரும் லாபத்தில் கழியும். அதனால் லாபக்காரரைவிட நஷ்டக்காரருக்குத்தான் இந்தக் குறிப்பு அதிகம் தேவைப்படுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். 2024-25 நிதி ஆண்டு முழுவதும் இரண்டு புரோகிராம்களை ஓட்டியிருக்கிறார். முதலாவது, பங்குகளை அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே. இரண்டாவது, நிஃப்டி ஆப்ஷன். புரோக்கரின் ஆப்பைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து 73,000 ரூபாய் லாபம் என்று காட்டுகிறது. இவர் தன் ஆடிட்டருக்கு எழுத வேண்டிய குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், வணக்கம். 2024-25 நிதி ஆண்டில் என் பெயரில் உள்ள ஒரே டிரேடிங் கணக்கில் நடந்த வர்த்தகத்தின் சுருக்கம் இது. எல்லா ஆர்டர்களும் நானே எழுதிய இரண்டு புரோகிராம்கள் மூலம் போடப்பட்டவை. வேறு யாருடைய பணமும் இதில் இல்லை. தொகைகள் எல்லாம் ரூபாயில்.

இன்ட்ராடே பங்குகள்: லாபத்தில் முடிந்தவற்றின் கூட்டுத்தொகை 3,10,000. நஷ்டத்தில் முடிந்தவற்றின் கூட்டுத்தொகை 3,52,000. நிகர நஷ்டம் 42,000. புரோக்கரேஜ், எஸ்.டி.டி உள்ளிட்ட கட்டணங்கள் 31,400.

நிஃப்டி ஆப்ஷன்: லாபங்களின் கூட்டுத்தொகை 9,20,000. நஷ்டங்களின் கூட்டுத்தொகை 8,05,000. நிகர லாபம் 1,15,000. கட்டணங்கள் 68,500.

பொதுச் செலவு: சர்வர் வாடகை 12,000, ஏ.பி.ஐ சந்தா 24,000, ஆக 36,000. இரண்டு புரோகிராம்களும் ஒரே சர்வரில் ஓடுவதால் சரிபாதியாகப் பிரித்திருக்கிறேன். வேறு விகிதம் சரியென்று பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

தனியாகக் கவனிக்க வேண்டியவை: (அ) இன்ட்ராடேயில் வாங்கிய 40 பங்குகள், லோயர் சர்க்யூட்டில் சிக்கி அன்று விற்க முடியாமல் டீமேட்டுக்கு வந்துவிட்டன. இன்னும் விற்கவில்லை. மேலே உள்ள கணக்கில் அவற்றைச் சேர்க்கவில்லை. (ஆ) மார்ச் 28 அன்று வாங்கிய நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட், ஏப்ரல் 3 எக்ஸ்பைரி, கொடுத்த பிரீமியம் 6,000. ஆண்டு முடிவில் திறந்தே இருந்தது. இதையும் சேர்க்கவில்லை. (இ) முந்தைய ஆண்டுகளில் வர்த்தகம் இல்லை. 44ஏடி பிரிவில் எந்த ஆண்டிலும் கணக்குக் காட்டியதில்லை.

இணைப்புகள்:
1. புரோக்கரின் வரிக்கான லாப நஷ்ட அறிக்கை, எக்ஸெல்
2. டிரேட்புக், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, எக்ஸெல்
3. கான்ட்ராக்ட் நோட்டுகள், மாதவாரியாக 12 ஃபோல்டர்
4. புரோக்கர் லெட்ஜர், முழு ஆண்டுக்கும்
5. மார்ச் 31 தேதியிட்ட டீமேட் ஹோல்டிங் அறிக்கை
6. வங்கிக் கணக்கு அறிக்கை
7. சர்வர், ஏ.பி.ஐ ரசீதுகள்
8. படிவம் 16, படிவம் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ்
9. போன வருட ரிட்டர்ன், அதன் ஒப்புகை

புரோகிராமின் லாக் ஃபைல்களை அனுப்பவில்லை. என்னிடம் இருக்கின்றன. தேவைப்பட்டால் தருகிறேன்.”

குறிப்பு இவ்வளவுதான். பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதில் இன்ட்ராடேயையும் ஆப்ஷனையும் தனித்தனியாக எழுதியிருப்பதில்தான் இவருடைய வரியே அடங்கியிருக்கிறது.

பங்குகளை டெலிவரி எடுக்காமல் அன்றே வாங்கி விற்பதை வருமான வரிச் சட்டம் ஊக வணிகம் என்று வகைப்படுத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் செய்யும் எஃப் அண்ட் ஓ அந்த வகையில் வராது. அது சாதாரண வணிக வருமானம். ஊக வணிகத்தில் வந்த நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். மிச்சமிருந்தால் அடுத்த 4 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், அங்கும் அதே நிபந்தனைதான். சாதாரண வணிக நஷ்டத்துக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. அதே ஆண்டின் வட்டி, வாடகை போன்ற வருமானத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது. மீதியை 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோய் வணிக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது கோவைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்ட்ராடேயில் 42,000 நஷ்டம், 31,400 கட்டணம், பொதுச் செலவில் பாதி 18,000. ஆக மொத்தம் 91,400 ரூபாய் ஊக வணிக நஷ்டம். ஆப்ஷனில் 1,15,000 லாபத்திலிருந்து 68,500 கட்டணமும் 18,000 செலவும் போக 28,500 ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் அவர் பையிலிருந்து போனது 62,900 ரூபாய். ஆனாலும் ஆப்ஷனில் கிடைத்த 28,500 ரூபாய்க்கு, அவருடைய சம்பளத்தோடு சேர்த்து வரி கட்டியாக வேண்டும். இன்ட்ராடே நஷ்டம் அந்த லாபத்தைத் தொட முடியாது.

ஆப்பில் தெரிந்ததோ 73,000 ரூபாய் லாபம். அந்த ஒரே எண்ணை மட்டும் ஆடிட்டரிடம் சொல்லியிருந்தால் 73,000 ரூபாய்க்கும் வரி போடப்பட்டிருக்கலாம். ‘மொத்தத்தில் நஷ்டம்தான் சார்’ என்று சொல்லியிருந்தால் 28,500 ரூபாய் விட்டுப்போயிருக்கலாம். இரண்டுமே தப்பு.

கட்டணங்களைத் தனியாகக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. புரோகிராம் களைப்பில்லாமல் நாள் முழுக்க ஆர்டர் போடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் புரோக்கரேஜ், எஸ்.டி.டி, பங்குச் சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி, முத்திரைத் தீர்வை என்று சில்லறை சில்லறையாகக் கழியும். இந்த உதாரணத்தில் ஆப்ஷன் லாபத்தில் பாதிக்குமேல் இப்படியே போயிருக்கிறது. வணிக வருமானமாகக் காட்டும்போது எஸ்.டி.டி-யையும் செலவாகக் கழிக்கலாம். அதே எஸ்.டி.டி-யை மூலதன ஆதாயத்தில் கழிக்க முடியாது. எனவே, நீண்ட கால முதலீட்டுக்காகப் பங்குகள் வாங்கியிருந்தால், அவற்றின் கட்டணங்களை வர்த்தகக் கட்டணத்தோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்து டேர்ன்ஓவர். ஒரே லாட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்கும்போது, வாங்கி விற்ற மதிப்பைக் கூட்டினால் அது கோடிகளில் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய. வரித் தணிக்கைக்கான டேர்ன்ஓவர் அது இல்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டுதல்படி, இன்ட்ராடேயிலும் எஃப் அண்ட் ஓ-விலும் ஒவ்வொரு வர்த்தகத்தின் லாபத்தையும் நஷ்டத்தையும் பிளஸ், மைனஸ் பார்க்காமல் கூட்ட வேண்டும். ஆப்ஷனை விற்று வாங்கிய பிரீமியம் ஏற்கெனவே அந்த லாப நஷ்டக் கணக்குக்குள் இருந்தால் அதை மறுபடி சேர்க்கத் தேவையில்லை என்று 2022-ல் வந்த திருத்தப் பதிப்பு தெளிவாக்கியது.

நம் கோவைக்காரருக்கு இன்ட்ராடேயில் 3,10,000, 3,52,000 இரண்டும் சேர்ந்து 6,62,000. ஆப்ஷனில் 17,25,000. மொத்த டேர்ன்ஓவர் 23,87,000 ரூபாய். ரொக்கப் பரிவர்த்தனை 5 சதவிகிதத்தைத் தாண்டாதவர்களுக்கு வரித் தணிக்கை வரம்பு 10 கோடி ரூபாய் என்பதால், அந்த வரம்புக்கு அருகில்கூட இவர் போகவில்லை. குறிப்பில் லாபங்களின் கூட்டுத்தொகையையும் நஷ்டங்களின் கூட்டுத்தொகையையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். நிகரத்தை மட்டும் கொடுத்தால் டேர்ன்ஓவரைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் டிரேட்புக்கின் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

44ஏடி பற்றிய ஒரு வரியும் காரணமாகத்தான் இருக்கிறது. டேர்ன்ஓவரில் குறிப்பிட்ட சதவிகிதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகும் எளிய முறை அது. முந்தைய ஆண்டுகளில் அந்த முறையில் கணக்குக் காட்டிவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்குள் அதைவிடக் குறைந்த லாபத்தைக் காட்டினால், டேர்ன்ஓவர் சிறியதாக இருந்தாலும் தணிக்கை கட்டாயமாகலாம். பழைய ஆடிட்டரை விட்டுப் புது ஆடிட்டரிடம் வந்தவர்கள் இதைச் சொல்ல மறந்துபோகிறார்கள்.

சரி, லாக் ஃபைல்களை ஏன் அனுப்பவில்லை? புரோகிராம் தானே எழுதிவைத்திருக்கும் பதிவைவிடத் துல்லியமான ஆதாரம் இருக்க முடியாது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை.

லாக்கில் இருப்பது புரோகிராம் என்ன நினைத்தது என்பது. கான்ட்ராக்ட் நோட்டில் இருப்பது சந்தையில் என்ன நடந்தது என்பது. புரோகிராம் 112 ரூபாய்க்கு வாங்கச் சொல்லியிருக்கும், சந்தையில் 112.40-க்குக் கிடைத்திருக்கும். ஒரே ஆர்டர் மூன்று துண்டுகளாக மூன்று விலைகளில் நிறைவேறியிருக்கும். பணம் போதாமல் நிராகரிக்கப்பட்ட ஆர்டர்களும், பணம் போடாமல் ஓட்டிப் பார்த்த சோதனை ஆர்டர்களும் அதே ஃபைலில் கலந்து கிடக்கும். இன்ட்ராடே பொசிஷனைப் புரோகிராம் முடிக்காவிட்டால், சந்தை மூடுவதற்குச் சற்று முன்னால் புரோக்கரே அதை முடித்துவிடுவார். அந்த வர்த்தகம் லாக்கில் இருக்கவே இருக்காது. நேரமும் ஒத்துப்போகாது. பல சர்வர்கள் சர்வதேச நேரத்தில் ஓடுவதால், நம் சந்தை திறக்கும் காலை 9:15 மணி அங்கே `03:45` என்று பதிவாகும்.

2024-25-ல் இதையெல்லாம்விடப் பெரிய குழி ஒன்று இருந்தது. நிஃப்டியின் லாட் அளவு அந்த ஒரே நிதி ஆண்டில் இரண்டு முறை மாறியது. 2024 ஏப்ரலில் ஒரு லாட் 50. அதன்பின் 25 ஆனது. டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை செபி உயர்த்தியதைத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் முடிந்த வார ஒப்பந்தங்களில் 75 ஆனது. இடையில், அக்டோபர் 1 முதல், ஆப்ஷன் விற்பனை மீதான எஸ்.டி.டி-யும் பிரீமியத்தில் 0.0625 சதவிகிதத்திலிருந்து 0.1 சதவிகிதமாக உயர்ந்தது.

ஆர்டர் போடும் பகுதி, புரோக்கர் தினமும் வெளியிடும் பட்டியலிலிருந்து லாட் அளவை எடுத்துக்கொள்ளும். அதனால் ஆர்டர்கள் சரியாகவே போகும். லாப நஷ்டத்தை லாக்கில் எழுதும் பகுதியில் மட்டும் 25 என்று நிரந்தரமாக எழுதிவைத்திருந்தால் என்ன ஆகும்? ஜனவரியில் ஒரு லாட்டை 112-க்கு வாங்கி 126-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். உண்மையான லாபம் 1,050 ரூபாய். லாக் காட்டுவது 350. விற்றதற்கான எஸ்.டி.டி 9 ரூபாய் 45 காசு. பழைய விகிதத்திலும் பழைய லாட்டிலும் கணக்குப் போடும் லாக் காட்டுவது 1 ரூபாய் 97 காசு. புரோகிராமில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதாமாதம் லாக்கின் கூட்டுத்தொகையையும் டிரேட்புக்கின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே, ஜனவரியிலிருந்து இரண்டும் மூன்று மடங்கு விலகி நிற்பது கண்ணில் படும்.

ஆகவே குறிப்பில் வரும் ஒவ்வொரு எண்ணும் புரோக்கரின் அறிக்கையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அந்த அறிக்கை சரியா என்று பார்க்கவும் ஒரு சுலபமான வழி உண்டு. லெட்ஜரின் ஆரம்ப இருப்போடு, ஆண்டில் வங்கியிலிருந்து போட்ட பணத்தைக் கூட்டி, வங்கிக்குத் திருப்பி எடுத்ததைக் கழிக்க வேண்டும். அதோடு கட்டணங்கள் போக மிஞ்சிய லாபத்தைக் கூட்டவோ நஷ்டத்தைக் கழிக்கவோ வேண்டும். டெலிவரியில் வந்த பங்குகளுக்கும், திறந்திருக்கும் ஆப்ஷனுக்கும் கொடுத்த தொகையைக் கழித்தால் மார்ச் மாத இறுதி இருப்பு வர வேண்டும். கணக்கிலிருந்தே பிடிக்கப்பட்ட ஏ.பி.ஐ சந்தா போன்ற இதரப் பற்றுகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் இடித்தால், எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். லெட்ஜரையும் வங்கி அறிக்கையையும் இணைப்பில் சேர்க்கச் சொல்வது இந்தச் சோதனைக்காகத்தான்.

தனியாகக் கவனிக்க வேண்டியவை என்று எழுதிய இரண்டு வர்த்தகங்களும் தொகையில் சின்னவை. ஆனால் கணக்கு இடிப்பது பெரும்பாலும் இவற்றால்தான். லோயர் சர்க்யூட்டில் மாட்டிய 40 பங்குகள், டீமேட்டுக்கு வந்த நிமிடத்தில் இன்ட்ராடே என்ற நிலையை இழந்துவிட்டன. அவற்றை முதலீடாகக் கொள்வதா, வணிகச் சரக்காகக் கொள்வதா என்பதை ஆடிட்டர்தான் முடிவு செய்ய வேண்டும். திறந்திருந்த ஆப்ஷனின் கதை வேறு. 2025 மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. அதனால் மார்ச் 28 வெள்ளிக்கிழமைதான் அந்த நிதி ஆண்டின் கடைசி வர்த்தக நாள். அன்று வாங்கியது ஏப்ரலில் முடிந்ததால், அதன் லாப நஷ்டம் அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். இதை இந்த ஆண்டுக் குறிப்பில் எழுதிவைக்காவிட்டால், அடுத்த ஆண்டு அறிக்கையில், வாங்கியதே தெரியாமல் விற்றது மட்டும் தெரியும்.

இணைப்புகளை அனுப்பும்போது சில சின்ன ஒழுங்குகள் பெரிய உதவி. கான்ட்ராக்ட் நோட்டுகளுக்குப் பாஸ்வேர்டு இருந்தால், அதை மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லலாம். எக்ஸெல் அறிக்கைகளைத் திறந்து வரிகளை நீக்கியோ வண்ணம் பூசியோ சேமிக்காமல், புரோக்கர் தளத்திலிருந்து இறக்கியபடியே கொடுக்க வேண்டும். ஃபைல் பெயர்களின் முன்னால் `01`, `02` என்று குறிப்பில் உள்ள அதே எண்ணைப் போட்டால், எது எது என்று தேட வேண்டியதில்லை. இரண்டு புரோக்கர்களிடம் கணக்கு இருந்தால், ஒருவரிடம் ஒரே ஒரு வர்த்தகம்தான் நடந்தது என்றாலும், இருவரின் அறிக்கைகளும் வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இன்ட்ராடேயோ எஃப் அண்ட் ஓ-வோ ஒரு முறை செய்திருந்தாலும், சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது. வணிக வருமானம் இருப்பதால் ஐ.டி.ஆர்-3 போட வேண்டும். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், வணிக வருமானம் இருந்தால் அதற்கான படிவத்தையும் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கெடுவுக்கு முந்தைய கடைசி வாரத்தில் ஆடிட்டரைப் பிடித்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டுமே உண்டு. தாமதக் கட்டணம் கட்டிப் பிறகு தாக்கல் செய்யலாம், ஆனால் கோவைக்காரரின் 91,400 ரூபாய் ஊக வணிக நஷ்டம் அப்போது கணக்கிலிருந்து போய்விடும். நிதி ஆண்டு முடிந்ததும் புரோக்கரின் அறிக்கைகளை இறக்கி வைத்துவிடுங்கள். மே மாதத்துக்குள் குறிப்பும் ஒன்பது இணைப்புகளும் உங்கள் ஆடிட்டரின் கைக்குப் போய்ச் சேரட்டும்.